தோளுக்கு எத்தனை கிராம்?

கிரியேட்டின் டப்பாவைத் திறந்தால் வெள்ளைப் பொடிக்குள் ஒரு பிளாஸ்டிக் கரண்டி புதைந்திருக்கும். முதல் வாரம் நாளுக்கு நான்கு கரண்டி, அதன்பிறகு நாளுக்கு ஒன்று என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்தக் கணக்கு 1990களில் ராஜர் ஹாரிஸ், எரிக் ஹல்ட்மேன் போன்றவர்கள் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. தொடைத் தசையில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்து, அதில் கிரியேட்டின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு காலும் நன்றாக வேலை செய்கிறவர்கள்.

சக்கர நாற்காலியில் கூடைப்பந்தோ ரக்பியோ ஆடுகிறவருக்கு, அமர்ந்தபடி குண்டு எறிகிறவருக்கு, பெஞ்சில் படுத்துப் பளு தூக்குகிறவருக்கு இதே கரண்டி பொருந்துமா? பொடி என்னவோ ஒன்றுதான். ஆனால் அளவு மாறுகிறது, பலன் கிடைக்கும் இடம் மாறுகிறது, ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கும் விதம்கூட மாறுகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

முதலில் இந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். தசை சுருங்குவதற்கான ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. முழு வேகத்தில் இயங்கினால் தசையில் இருக்கும் ஏடிபி ஓரிரு விநாடிக்குத்தான் தாங்கும். தீரத் தீர அதை நிரப்ப உடலுக்குச் சில வழிகள் உண்டு. அவற்றில் மிக வேகமானது பாஸ்போகிரியேட்டின். அவசரத்துக்கு அடுத்த வீட்டில் வாங்கும் கைமாற்று போல, கேட்ட நொடியில் தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை மீட்டுவிடும். ஆனால் கையிருப்பு குறைவு. முழு மூச்சாக உழைத்தால் பத்து விநாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துபோகும். ஓய்வு கிடைத்ததும் மறுபடி நிரம்பத் தொடங்கும். வெளியிலிருந்து கிரியேட்டின் எடுத்துக்கொண்டால் இந்தக் கையிருப்பு கொஞ்சம் கூடும், இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் மீண்டும் நிரம்புவதும் சற்று எளிதாகும். அவ்வளவுதான் அதன் வேலை. அது ஹார்மோன் அல்ல, ஸ்டீராய்டும் அல்ல. நம் கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் தாமே தயாரிக்கிற, மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற பொருள்தான் இது.

சக்கர நாற்காலி ஆட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கூடைப்பந்தில் ஒரு வீரர் நின்ற இடத்திலிருந்து நாலைந்து தள்ளலில் வேகமெடுக்கிறார், சட்டென்று நிறுத்துகிறார், திரும்புகிறார், மறுபடி தள்ளுகிறார். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிதான், ஆனால் ஆட்டம் முழுக்க இதுவே தொடர்கிறது. ஓடுகிறவருக்குத் தொடையும் பிட்டமும் செய்யும் வேலையை இங்கே நெஞ்சுத் தசை, முன்தோள், கைப்பின் தசை என்று ஒரு சிறு கூட்டம் செய்கிறது. அந்தச் சிறிய தசைகள் சீக்கிரம் களைத்துவிடும். பாஸ்போகிரியேட்டின் கைகொடுக்கக்கூடிய இடம் இப்படிப்பட்ட குறுகிய, திரும்பத் திரும்ப வரும் முயற்சிதான். பெஞ்ச் பிரஸ்ஸும் குண்டெறிதலும் இதே வகை.

ஆனால் இரண்டு நிமிடப் பந்தயத்தில் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் நாட்வில் என்ற ஊரில் தண்டுவடப் பாதிப்புக்கென்று தனி மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள கிளாடியோ பெரே குழுவினர் 2006இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். போட்டி நிலையில் உள்ள ஆறு சக்கர நாற்காலிப் பந்தய வீரர்களுக்கு நாளுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் கிரியேட்டின் கொடுத்து, 800 மீட்டர் ஓட்டச் சொன்னார்கள். வேறொரு முறை அதே ஆட்களுக்குப் போலிப் பொடி. இரண்டு நேரங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் நீளும் ஓட்டத்தில் பாஸ்போகிரியேட்டினின் பங்கு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதித் தூரத்தை மூச்சும் சர்க்கரை எரிப்பும்தான் இழுக்கின்றன. தவிர, ஆறு பேர் என்பது சிறிய பலனைக் கண்டுபிடிக்கப் போதாத எண்ணிக்கை.

அதற்கு முன் 2002இல் அமெரிக்காவில் பேட்ரிக் ஜேக்கப்ஸ் குழுவினர் செய்த ஆய்வில் நேர்மாறான முடிவு வந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முற்றிலும் பாதிக்கப்பட்ட 16 ஆண்கள், நாளுக்கு 20 கிராம், ஏழு நாள். கையால் சுற்றும் பெடல் இயந்திரத்தில் படிப்படியாகச் சுமையைக் கூட்டியபோது, கிரியேட்டின் எடுத்த வாரத்தில் அவர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு உயர்ந்தது. இந்த ஆய்வை விளம்பரங்கள் விரும்பி மேற்கோள் காட்டும். ஆனால் அதில் அளந்தது ஆய்வகத்துப் பெடலைத்தான், மைதானத்து ஆட்டத்தை அல்ல. கழுத்துப் பாதிப்புள்ளவர்களின் பலவீனமான மணிக்கட்டுத் தசையில் செய்த இன்னொரு சிறு ஆய்வில் பலன் எதுவும் தென்படவில்லை. போர்ச்சுகலில் எடைப் பயிற்சியோடு சேர்த்து நாளுக்கு 3 கிராம், எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது மேற்கை வலிமையில் சில அளவுகள் கூடின. அதுவும் சிறிய ஆய்வே.

ஆக, சக்கர நாற்காலி வீரர்களிடமே கிடைத்த சான்று மெலிந்தது, கலவையானது. மற்ற விளையாட்டு வீரர்களிடம் நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் கண்ட பலனைத் தசை இயக்கத்தின் அடிப்படையில் இவர்களுக்கும் நீட்டிக் கணக்கிடுகிறோம். குறுகிய, மீண்டும் மீண்டும் வரும் முயற்சிகளுக்கு அந்த நீட்டல் நியாயமானது என்பது என் எண்ணம். நீண்ட தூரப் பந்தயக்காரர் இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இனி அளவு. வழக்கமான பரிந்துரை உடல் எடையை வைத்து வருகிறது: முதல் ஐந்து முதல் ஏழு நாள் கிலோவுக்கு 0.3 கிராம், பிறகு கிலோவுக்கு 0.03 கிராம். இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. உடல் எடை கூடினால் உழைக்கும் தசையும் அதே விகிதத்தில் கூடும் என்பதே அது. சாதாரண மனிதரின் எலும்புத் தசையில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்கு அந்தத் தசை சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்திருக்கும். உடலில் இருக்கும் கிரியேட்டினில் ஏறத்தாழ 95 சதவீதம் தசையில்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், அவரிடம் கொள்கலனே சிறியது. 1992இல் ஹாரிஸ் குழு இன்னொன்றையும் கவனித்தது. ஒரு காலுக்கு மட்டும் உடற்பயிற்சி கொடுத்தால், உழைத்த கால் மற்றதைவிட அதிகமாகக் கிரியேட்டினை உறிஞ்சுகிறது. அசையாத தசை இந்தப் பொடியை வாங்கிக்கொள்ளப் பெரிய அவசரம் காட்டாது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஒரு வீரரை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். கூடைப்பந்து ஆடுகிறவர், எடை 60 கிலோ, முதுகின் நடுப்பகுதிக்குக் கீழே தண்டுவடம் அறுந்தவர், கால்களில் அசைவு இல்லை, கைகள் முழுபலம். வழக்கமான பரிந்துரைப்படி போனால் அவர் முதல் வாரம் நாளுக்கு 18 கிராம் குடிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி வீண். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களிடமே, முதல் நாளில் குடித்ததில் 40 சதவீதமும் மூன்றாம் நாளில் 68 சதவீதமும் அப்படியே சிறுநீரில் வெளியேறியதை ஹாரிஸ் அளந்திருக்கிறார். கொள்கலன் சிறிதாக இருப்பவருக்கு அது இன்னும் சீக்கிரம் வழியும்.

வேறு வழி இருக்கிறது. நாளுக்கு 3 கிராம் என்று நிதானமாக எடுத்தாலும் ஏறத்தாழ 28 நாளில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடுகிறது என்று 1996இல் ஹல்ட்மேன் காட்டினார். இரண்டு காலும் உள்ளவர்களுக்கே 3 கிராம் போதுமானால், நம் கூடைப்பந்து வீரருக்கு அது தாராளம். அவருக்கு நாளுக்கு 3 கிராம், ஒரே வேளை, சாப்பாட்டோடு. நான்கு வாரம் கழித்தும் அதே 3 கிராம்தான். 45 கிலோ எடையுள்ள ஒரு வீராங்கனைக்கு 2 கிராமே போதும் என்பேன். முதல் வார ஏற்று அளவை இவர்கள் விட்டுவிடுவது நல்லது.

அதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை, வயிறும் ஒரு காரணம். ஒரே வேளையில் 10 கிராம் எடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு கூடும். நடக்கிறவருக்கு அது ஒரு நாள் தொந்தரவு. தண்டுவடப் பாதிப்புள்ளவரோ மலம் கழிப்பதைக் குறித்த நேரத்துக்குப் பழக்கி வைத்திருப்பார். அந்த ஒழுங்கு ஒருமுறை குலைந்தால் பயிற்சியும் பயணமும் குலையும். உணர்ச்சியில்லாத தோலில் ஈரம் நின்றால் அமரும் இடத்தில் புண் வரும், புண் வந்தால் மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார முடியாமல் போகும். ஒரு வாரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு பருவத்தையே பணயம் வைக்கத் தேவையில்லை.

எடை இன்னொரு காரணம். ஏற்று அளவு எடுப்பவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரு கிலோ அல்லது சற்று அதிகமாக நீர் எடை ஏறுவது வழக்கம். பாரா பளுதூக்கலில் போட்டியே உடல் எடைப் பிரிவில்தான் நடக்கிறது. 59 கிலோ பிரிவில் 58.6 கிலோவில் நிற்கிற ஒருவர் போட்டிக்குப் பத்து நாள் முன்பு நாளுக்கு 20 கிராம் தொடங்கினால், தராசில் ஏறும்போதுதான் வினை தெரியும். பருவம் தொடங்குமுன் மெதுவாக ஆரம்பித்தால் எடை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத் திட்டமிட அவகாசம் இருக்கும்.

கிரியேட்டின் எடுத்தால் வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஜிம்களில் சொல்வார்கள். அப்படித் தேவையில்லை. ஆனால் சக்கர நாற்காலி வீரர்களிடம் எதிர்மாறான பழக்கம் ஒன்று உண்டு. நாலைந்து மணிக்கொரு முறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியவர், போகும் இடத்தில் வசதியான கழிப்பறை இருக்காது என்று தெரிந்தால் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, நம் மைதானங்களின் லட்சணம் அப்படி. என்றாலும் தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவிடுவது அந்தப் பழக்கம்தான். பாதிப்பு மேலே இருக்க இருக்க வியர்க்கும் பரப்பு குறைவதால், வெயிலில் உடல் சூடாகும் ஆபத்தும் சேர்கிறது. இந்த நிலையில் புதிதாக ஒரு பொடியைத் தொடங்கக் கூடாது. முதலில் குடிநீர் ஒழுங்குக்கு வரட்டும்.

இப்போது ரத்தப் பரிசோதனை. கிரியேட்டின் தசையில் வேலை முடிந்து சிதையும்போது வரும் கழிவு கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று மருத்துவர் ஊகிப்பார். வயதுவந்த ஆண்களுக்கு ஆய்வகம் அச்சிடும் இயல்பு எல்லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம். இதிலும் நடக்கிற மனிதரின் தசைதான் அளவுகோல். கால் தசை சுருங்கியவரிடம் கழிவே குறைவாக உற்பத்தியாவதால், அவருக்கு 0.4, 0.5 என்பதுகூடச் சாதாரணமாக இருக்கலாம். ஆகவே அவருடைய சிறுநீரகம் பாதி செயலிழந்து கிரியேட்டினின் இரட்டித்து 1.0 ஆனாலும், தாளில் அது இயல்பு என்றே வரும். இது முதல் தவறு. கிரியேட்டினுக்குச் சம்பந்தமே இல்லாமல் நடக்கிற தவறு.

இரண்டாவது தவறு எதிர்த்திசையில் வரும். நம் கூடைப்பந்து வீரருக்கு, ஒரு பேச்சுக்கு, தொடங்குமுன் 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்தில் 0.65 ஆகிறது. பொடியில் ஒரு பகுதி கழிவாக மாறுவதாலேயே இப்படிச் சற்று ஏறலாம், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் உண்மையாகவே நீர்ப்பையில் அழுத்தம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தாலும் அதே 0.65 வரும். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. தண்டுவடப் பாதிப்புள்ளவருக்கு நீர்ப்பைக் கோளாறு, திரும்பத் திரும்ப வரும் தொற்று, கல் எல்லாம் உண்மையான ஆபத்துகள் என்பதால், "பொடியால்தான் ஏறியிருக்கும்" என்று தள்ளிவிடுவது அபாயம்.

இதற்கு ஆய்வகத்திலேயே ஒரு மாற்று இருக்கிறது, சிஸ்டாட்டின் சி. உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் இந்தப் புரதத்தை வெளியிடுகின்றன. தசை அளவும் கிரியேட்டின் பொடியும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதைக் கலைக்கும் என்பதை மட்டும் மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டும். பொடியைத் தொடங்கும் முன் கிரியேட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் ஒருமுறை எடுத்து, தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எடுங்கள். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி, சிஸ்டாட்டின் சி அசையாமல் இருந்தால் பெரும்பாலும் பொடியின் வேலை. இரண்டும் சேர்ந்து ஏறினால் பொடியை நிறுத்திவிட்டுச் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகம் வீங்கியிருப்பதாக ஸ்கேனில் சொன்னவர்கள், சிறுநீர் மேலேறும் கோளாறு உள்ளவர்கள், அடிக்கடி காய்ச்சலோடு தொற்று வருகிறவர்கள் மருத்துவர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை தொடங்கவே வேண்டாம்.

இதில் இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தது தெரியாமல் அதே அளவை விழுங்கிக்கொண்டிருந்தால் அது உடலில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, தோள் வலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உடலில் அது சிறுநீரகத்துக்குக் கேடு. அந்த மாத்திரையை அடிக்கடி போட்டுக்கொண்டு, சிறுநீரகத்துக்கு ஆபத்து கிரியேட்டினால்தான் வரும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தோள் என்றதும் இன்னொன்று. சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்குத் தோள்தான் கால். கட்டிலுக்கும் காருக்கும் மாறுவது, மேடேறுவது எல்லாமே அதன் தலையில். தோள் மூட்டின் தசைநாண் தேய்வது இவர்களிடம் மிகச் சாதாரணம். கிரியேட்டின் தசைக்குத் தெம்பு கொடுக்கும், ஆனால் தசைநாண் அதே வேகத்தில் உறுதியாவதில்லை. கூடுதலாக இரண்டு முறை தூக்க முடிகிறதே என்று நெஞ்சுப் பயிற்சியையே ஏற்றிக்கொண்டு போனால், முன்பக்கம் இழுத்து, தோள் உள்ளே சுழன்று, வலி வரும். கிடைத்த தெம்பை முதுகுப்பக்கம் இழுக்கும் பயிற்சிகளுக்குத் திருப்புவதே புத்திசாலித்தனம். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் வலித்தால் சுமையை உடனே குறைக்க வேண்டும்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? கண்ணாடியில் தெரியாது. நம் வீரர் 20 மீட்டர் தூரத்தைப் பத்து முறை, நடுவில் 30 விநாடி ஓய்வோடு, முழு வேகத்தில் தள்ளட்டும். ஒவ்வொரு நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும். முதல் ஓட்டத்தில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஏழாவதிலிருந்து பத்தாவது வரை எவ்வளவு சரிகிறது என்பதுதான் கேள்வி. கிடைக்கும் முன்னேற்றம் சில சதவீதம்தான் என்பதால், சிறு கவனக்குறைவே அதை விழுங்கிவிடும். டயரில் காற்று அழுத்தம் குறைந்திருந்தால் நாற்காலி மந்தமாகும், பழியோ புகழோ பொடிக்குப் போகும். அதே நாற்காலி, அதே காற்றழுத்தம், அதே தரை, அதே கையுறை, இடுப்புப் பட்டை அதே துளையில். தொடங்குமுன் இரண்டு தடவை இந்தச் சோதனையைச் செய்து பழகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தால் வந்த வேகத்தைப் பொடியால் வந்ததாக எண்ணிவிடுவோம். எட்டாம் வாரம் மறுபடி செய்து பார்த்து, சரிவு அப்படியே இருந்தால் பொடியை விட்டுவிடலாம். ஏற்கெனவே தசையில் நிறையக் கிரியேட்டின் வைத்திருக்கிறவர்களுக்குக் கூடுதலாகச் சேர்வது கொஞ்சம்தான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தொடக்கக் கையிருப்பு குறைவு என்பதால், பொதுவாக அவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

வாங்குவது கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டாக இருக்கட்டும். கூடுதல் விலைக்கு விற்கும் மற்ற வடிவங்கள் எதுவும் இதை விஞ்சியதாகக் காட்டப்படவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரையும். கரைத்ததை அன்றே குடித்துவிட வேண்டும், நாள்கணக்கில் வைத்தால் அது பாட்டிலிலேயே கிரியேட்டினினாகச் சிதையும். கரண்டியை நம்பாமல் ஒருமுறை சிறு தராசில் 3 கிராம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது நல்லது. கழுத்துப் பாதிப்பால் விரல் பிடிப்பு இல்லாதவர்களுக்கு டப்பாவைத் திறப்பதும் தலை தட்டுவதும் தினசரிப் போராட்டம். வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஏழு சிறு டப்பிகளில் நிறுத்துப் போட்டு வைத்தால் அளவும் தவறாது.

கிரியேட்டின் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. ஆபத்து கலப்படத்தில் இருக்கிறது. ஒரே ஆலையில் ஒரே இயந்திரத்தில் வேறு பொடிகளும் தயாராகும்போது தடை செய்யப்பட்ட பொருள் துளி ஒட்டிக்கொள்ளலாம். உடலில் அது எப்படி வந்தது என்பது விதிகளின்படி வீரரின் பொறுப்பு, தெரியாமல் குடித்தேன் என்பதால் மட்டும் தப்ப முடியாது. எனவே ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று தரும் தயாரிப்பையே வாங்க வேண்டும். தொகுதி எண் தெரியும்படி டப்பாவைப் படமெடுத்து, அதிலிருந்து 20 கிராம் அளவு பொடியைத் தனியே மூடி, அந்தப் பருவம் முடியும்வரை ரசீதோடு வைத்திருக்க வேண்டும். "உங்கள் ஜிம்முக்கு மட்டும்" என்று லேபிள் இல்லாத பையில் பயிற்சியாளர் கொடுக்கும் பொடி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். புரதப் பொடியோடு கலந்து "பவர் மிக்ஸ்" என்று வருவதையும் ஒதுக்கிவிடுங்கள். அதில் கிரியேட்டின் எத்தனை கிராம் என்று தெரியாதபோது மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட முடியாது.